பாட்டில் ஏத்திக்கினா சரியாயிடும்

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு வடிக்கிற நேரத்தில்கூட அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். நாலு தடவை வெளியே போய்விட்டு வருவேன். அப்படிப்பட்டவளை ஒரு இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இரு என்று சொன்னால் எப்படி இருக்கும். அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்களுக்கு ஊர் கல்வராயன் மலை. மேலே சாமையும் மரவள்ளியும் போடுவோம். தை மாதம் அறுப்பு முடிந்ததும் பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கீழே இறங்கி மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவோம். கரும்பு வெட்டில் புருஷன் பெண்சாதி ஒரு ஜோடி. அவர் அடியோடு வெட்டிச் சாய்ப்பார். நான் தோகை உரித்து, நுனி கழித்து, அந்த நுனி இலையான கொழுந்தாடையை முறுக்கிக் கட்டு கட்டுவேன். என் புருஷன் எனக்கு மாமன் மகன். சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் மட்டும் 'யோவ்'. அவருடைய அண்ணன்தான் எங்கள் கும்பலுக்கு மேஸ்திரி. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வாங்குவதும், ஆளைச் சேர்ப்பதும், டிராக்டரை வரச் சொல்வதும் அவர் வேலை. அவரைப் பெரிய மாமா என்பேன்.

இது நடந்தது பங்குனியில். ஆலை நிற்கப் போகிறது, அதற்குள் மிச்சக் கரும்பை ஏற்றிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் காலில் நெருப்பு. வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே வெட்ட ஆரம்பித்து, வெயில் தலைக்கு மேல் வந்த பிறகும் வெட்டினோம். கரும்புக் கொல்லைக்குள் காற்று வராது. உள்ளே நின்றால் புழுங்கிப் போவோம். மத்தியானத்தில் என் புருஷன் சட்டையைக் கழற்றிக் கரும்பு மேல் போட்டால், காய்ந்ததும் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சட்டை விறைத்து நிற்கும்.

தண்ணீர் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேரலில் வரும். எங்கே பிடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வாரம் கும்பலில் பாதிப் பேருக்கு வயிறு கெட்டது. மற்றவர்களுக்கு ஓரிரு நாளில் நின்றுவிட்டது. அவருக்கு நிற்கவில்லை. வெட்டிக்கொண்டே இருப்பார், கத்தியைப் போட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் ஓடுவார், திரும்பி வந்து கத்தியை எடுப்பார்.

வயிற்றுப்போக்கு என்றால் எங்கள் ஆட்களிடம் ஒரு சட்டம் உண்டு. வயிற்றைக் காயப்போட வேண்டும். வாழைப்பழம் ஆகாது, அது குளிர்ச்சி. இளநீர் ஆகவே ஆகாது, இன்னும் இளக்கிவிடும். பருப்பு, கீரை எதுவும் கூடாது. பால் ஊற்றாத கட்டன் டீ குடிக்கலாம், வடித்த கஞ்சித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கலாம். அவ்வளவுதான். கொல்லைக்காரர் வரப்பு முழுக்கத் தென்னை. கேட்டால் பறித்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். அந்த மர நிழலில் உட்கார்ந்துதான் இவர் கட்டன் டீ குடித்தார்.

அடுத்து அவர் கை நடுங்கி மக்கர் பண்ண ஆரம்பித்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் கத்திப் பிடியோடு இறுகிக்கொள்ளும், பிரிய வராது. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து விடுவார். கெண்டைக்கால் சுருட்டிக்கொள்ளும். ஒரு சால் முடிந்ததும் உட்கார்ந்துவிடுவார். எனக்குக் கட்டுக் கட்டக் கரும்பு இல்லாமல் கை சும்மா இருக்கும், கடுப்பாக வரும்.

"இன்னா மாமா, இப்பவே குந்திக்கினா எப்படி?"

"தொடை துவளுதுடி."

"வேற இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. நீ கட்டு."

ஆனால் கையை நெஞ்சின் மேல் வைத்திருந்தார். நான் பார்த்ததும் எடுத்துவிட்டு, சட்டைப் பையில் பீடி தேடுவது மாதிரி தடவினார். அவர் சட்டை கரும்பு மேல் கிடந்தது. வெறும் உடம்பில் எந்தப் பை இருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. ஏதோ மறைக்கிறார் என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் கரும்புக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்தவர், டிராக்டருக்குப் போகிற வழியிலேயே கட்டோடு மண்டி போட்டுவிட்டார். பெரிய மாமா ஓடி வந்து கட்டைத் தள்ளிவிட்டுத் தூக்கினார்.

"ஒரு பாட்டில் ஏத்திக்கினா சரியாயிடும். வா, வண்டில ஏறு. மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்."

பாட்டில் ஏற்றுவது என்பது எங்கள் கரும்பு வெட்டில் கத்தி தீட்டுவது மாதிரி ஒரு வழக்கம். ஒரு ஆள் தளர்ந்துபோனால் மேஸ்திரி வண்டியில் வைத்து ரோட்டோரம் இருக்கிற கிளினிக்குக்குக் கூட்டிப் போவார். நாங்களேதான் கேட்போம், குளுக்கோஸ் போடுங்க என்று. மாத்திரை கொடுத்து அனுப்பினால் அந்த டாக்டரை யாரும் மதிக்க மாட்டோம். அதிலும் பாட்டில் மெதுவாகச் சொட்டினால் எங்களுக்குத் தாங்காது, வெட்டு நிற்கிறதே. அதனால் டியூபில் இருக்கிற குட்டிச் சக்கரத்தைக் கட்டை விரலால் மேலே தள்ளிவிட்டு மடமடவென்று இறக்கிக்கொள்வோம். பெரிய மாமாவுக்கு அதில் கை தேர்ச்சி. கம்பவுண்டர் வெளியே போனதும் சக்கரம் மேலே போகும், காலடிச் சத்தம் கேட்டதும் கீழே வரும்.

அன்றைக்கும் அப்படித்தான் பண்ணினார். நான் பின்னாலேயே ஒரு ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது பாட்டில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. இவர் பெஞ்சில் படுத்திருந்தார். முகம் தெளிந்திருக்க வேண்டும், இல்லை. கண் அங்கேயும் இங்கேயும் அலைந்தது. உதடு வெளுத்திருந்தது.

"மாமா, எப்படி இருக்குது?"

"இங்க கைய வை," என்றார். இந்த முறை மறைக்கத் தெம்பு இல்லை.

நெஞ்சில் கை வைத்தேன். தட், தட் என்று அடித்தது. பிறகு ஒன்றுமே இல்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தது உள்ளேயிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு பெரிய அடி. மறுபடி ரெண்டு சின்னது, மறுபடி ஒரு இடைவெளி. திடீரென்று எண்ண முடியாத அளவுக்குக் கிடுகிடுவென்று ஓடி, நின்று, மறுபடி உதை. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். பயம்தான், வேறென்ன.

கிளினிக்கில் இருந்தவரைக் கூப்பிட்டேன். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "படபடப்புதாம்மா, பயந்துட்டாரு," என்றார். அப்புறம் பெரிய மாமாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "மலைக்காரங்களா? நேத்து எதனா போட்டாரா?" என்று கேட்டார்.

மலையிலிருந்து இறங்கி வந்தவனுக்கு வாந்தி பேதி என்றால் இந்த ஊரில் முதல் கேள்வி இதுதான், சாராயம் குடித்தானா. இருமல் என்று போனாலும் இதையேதான் கேட்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் திட்டவில்லை. ஏனென்றால் அதே கேள்வி என் வயிற்றுக்குள்ளும் ஒரு ஓரத்தில் கிடந்தது.

எட்டிப் போய்ச் சக்கரத்தைக் கீழே இழுத்து மூடினேன். "இத ஏத்த ஏத்த ஜாஸ்தியாவுது. போதும், கழட்டு," என்றேன். கிளினிக்காரர் முறைத்தார். பெரிய மாமா, "இன்னும் கொஞ்சம்தாம்மா கீது, காசு குடுத்தது," என்றார். நான் யாரிடமும் கேட்காமல் 108-க்குப் போன் போட்டேன்.

சங்கராபுரம் தாண்டிக் கள்ளக்குறிச்சி போகிற வழி முழுக்க ஆம்புலன்ஸ் ஜன்னல் வழியே கரும்பு ஏற்றின டிராக்டர்களாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போனது. இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் குனிந்து, வியர்வையைத் துடைப்பது மாதிரி முந்தானையை வைத்துக்கொண்டு அவர் வாயை மோந்து பார்த்தேன். கட்டன் டீ வாசம்தான் அடித்தது.

ஏன் மோந்தேன் என்று சொல்ல வேண்டும். முன்னே அவர் நன்றாகக் குடித்தவர். காலையில் எழுந்ததும் வேண்டும். ஒரு நாள் நான் பையில் துணியை அடைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியதும் விட்டார். விட்ட அந்த வாரத்தில் அவர் கை நடுங்கியதும், உடம்பெல்லாம் வேர்த்ததும், நெஞ்சு கண்டபடி அடித்ததும் நான் கூட இருந்து பார்த்தது. அதற்கப்புறம் தொடவில்லை. தொட்டால் நான் திரும்பி வரவே மாட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது அதே நடுக்கம், அதே வேர்வை, அதே படபடப்பு. எனக்குத் தெரியாமல் குடித்துவிட்டு நிறுத்தியிருக்கிறாரா. ஒரு பக்கம் இந்த மனுஷன் பிழைக்க வேண்டுமே என்று இருந்தது. இன்னொரு பக்கம் குடித்திருந்தால் நானே கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. ரெண்டும் ஒரே சமயத்தில் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கியதும் நெஞ்சில் கையில் காலில் எல்லாம் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தலைமாட்டில் ஒரு டிவி மாதிரி பெட்டியை மாட்டிவிட்டார்கள். பச்சைக் கோடு ஓடும், அடிக்கு ஒரு பீப். ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும், நடுவில் ஒன்று கோணலாகக் குதிக்கும், பிறகு ஒரு இடைவெளி. கையால் தொட்டுப் பார்த்ததைக் கண்ணால் பார்ப்பது இன்னும் மோசமாக இருந்தது.

டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்ன வயது இருக்கும். நின்ற இடத்தில் நிற்காமல் வேலை செய்தார், அதனாலேயே எனக்குப் பிடித்தது. காகிதச் சுருளைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். எத்தனை நாளாகப் பேதி, என்ன வேலை, என்ன சாப்பிட்டார், ஒண்ணுக்குப் போகிறாரா, கிளினிக்கில் என்ன ஏற்றினார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"குடிப்பாரா?"

"முன்ன குடிச்சாரு மேடம். வுட்டுட்டாரு."

"இப்ப, இந்த வாரத்துல?"

இவர் கண்ணைத் திறந்து, "இல்ல மேடம்," என்றார்.

பெரிய மாமா பின்னாலிருந்து, "எதனா கொஞ்சம் போட்டிருப்பான் மேடம், சொல்ல மாட்டான்," என்றார். சொந்த அண்ணன். இவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். "அவரு இல்லன்னு சொன்னா இல்லதான் மேடம்," என்றேன். சொன்ன வேகத்துக்கு மனசு ஓடி வரவில்லை.

ரத்த முடிவு வந்ததும் டாக்டர் எங்களை ஓரமாக நிறுத்தி வைத்துச் சொன்னார். ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற ஒரு உப்பு ரொம்ப இறங்கியிருக்கிறது. பேதியில் போனது அதிகம், வேர்வையிலும் கொஞ்சம். இதயம் ஒரே சீராக அடிப்பதற்கு அந்த உப்பு சரியான அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் இதயம் தாளம் தப்பும், தசையெல்லாம் துவண்டு போகும்.

"உப்புப் போட்டுத்தான் மேடம் கஞ்சி குடிச்சாரு," என்றேன்.

"அது வேற உப்பும்மா, சாப்பாட்டு உப்பு. அதுவும் வேணும்தான். இது இளநீர்ல, பழத்துல, பருப்புல, கீரைல இருக்கிறது. நீங்க கரும்புக்குப் பொட்டாஷ் போடுறீங்கல்ல, அதுல இருக்கிற அதே சத்து."

"அப்ப அந்த பாட்டிலு?"

"வெறும் குளுக்கோஸ்ல அந்த உப்பு கிடையாது. சர்க்கரை ரத்தத்துல ஏறினதும் உடம்பு அதை செல்லுக்குள்ள தள்ளும். தள்ளும்போது மிச்சமிருக்கிற பொட்டாசியத்தையும் கூடவே உள்ள இழுத்துக்கும். ரத்தத்துல இன்னும் கம்மியாகும். அதனாலதான் ஏத்த ஏத்தப் படபடப்பு அதிகமாச்சு."

பெரிய மாமா தலையைச் சொறிந்தார். எனக்கு நீலப் பேரலும் தென்னை மரமும் கட்டன் டீயும் மாறி மாறி நினைவுக்கு வந்தன. எது எதையெல்லாம் ஆகாது என்று தள்ளி வைத்தோமோ அதில்தான் இருந்திருக்கிறது.

புதுசாக ஒரு பாட்டில் மாட்டினார்கள். இது உப்புத் தண்ணீர், அதில் பொட்டாசியத்தைக் கலந்திருக்கிறது என்றார் நர்ஸ். பாட்டில் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, சொட்டை எண்ணிச் சக்கரத்தை வைத்தார். இப்போதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன காத்திருப்பு ஆரம்பித்தது. ஒரு சொட்டு. அப்புறம் யோசித்து யோசித்து இன்னொரு சொட்டு. இவர், "கை எரியுதுடி, நரம்பெல்லாம் எரியுது," என்று முனகினார். பெட்டி பீப் பீப் என்றது, நடுநடுவே தவறியது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல் வரை போனேன், தவறின பீப் காதில் விழுந்ததும் திரும்பி ஓடி வந்தேன். பக்கத்துக் கட்டில்காரம்மா, "கொஞ்சம் குந்தேம்மா, எனக்கே கிறுகிறுக்குது," என்றாள்.

தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். பெரிய மாமா பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நர்ஸ் வார்டின் அந்தக் கோடியில். பெரிய மாமாவின் கட்டை விரல் சக்கரத்தின் மேல் இருந்தது.

தண்ணீர் பாட்டிலாலேயே அவர் மணிக்கட்டில் அடித்தேன். புருஷனுக்கு அண்ணனான மூத்தாரைக் கைநீட்டி அடித்தவள் எங்கள் வம்சத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாட்டில் உருண்டு தண்ணீர் சிந்தியது. சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தார். முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தார். அது நகர்ந்திருக்கவில்லை. நர்ஸுக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

"இன்னா பண்ணப் பாத்தீங்க?"

"சீக்கிரம் எறங்கட்டுமேன்னுதாங்க. கை எரியுதுங்கறான். எப்பவும் அப்படித்தான் பண்ணுவோம்."

"பெரியவரே, இந்த மருந்து கம்மியானா இதயம் தடுமாறும். வேகமா போனா இதயம் நின்னுடும். அப்படியே நின்னுடும். அதுக்குத்தான் இந்தப் பெட்டியே மாட்டி வச்சிருக்கோம்."

பெரிய மாமா தன் கட்டை விரலைப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "நல்லாதான் அடிச்ச," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. தம்பியைக் கொல்ல நினைத்தவரா அவர். வெட்டு நிற்கிறதே என்கிற அதே அவசரம்தான், எனக்கும் இருக்கிற அவசரம்.

அதற்கப்புறம் நான் இடத்தை விட்டு நகரவில்லை. சக்கரத்துக்குக் காவல். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு காரியம் மெதுவாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயும்போது மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஏறியிருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து, "எதிர்பார்த்த அளவு ஏறலையே," என்றார். பச்சைக் கோடும் அவர் சொன்னதற்கு ஒத்து ஊதுவது மாதிரி குதித்துக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவு நேரம் சொட்டினது எங்கே போனது.

"மக்னீசியமும் கம்மியா இருக்கு," என்றார் டாக்டர். "அது கம்மியா இருந்தா பொட்டாசியம் நிக்காது. இந்தப் பக்கம் ஏத்த ஏத்த அந்தப் பக்கம் ஒண்ணுக்குல போயிடும். முதல்ல அதையும் சேர்த்துக் குடுக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பேதியிலயும் இது போகும். குடிக்கிறவங்களுக்கும் குறையும். அதனாலதான் திரும்பக் கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க."

குடி என்ற வார்த்தை மறுபடி வந்து கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். "என் பிள்ளைங்க மேல சத்தியம்," என்றார்.

"சரி. வேற மாத்திரை எதனா தினமும் எடுப்பாரா? பிரஷர், சுகர், எது வேணா."

"அதெல்லாம் இல்ல மேடம்," என்றேன். "கேஸ் மாத்திரை மட்டும் போடுவாரு."

"எந்த கேஸ் மாத்திரை?"

குடியை விட்டதிலிருந்து நெஞ்செரிச்சல் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேப்சூல். நாங்கள் அதை ஒரு மாத்திரையாகவே நினைத்தது கிடையாது. பல் விளக்குவது மாதிரி அது. அவர் இடுப்புத் துணியில் முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன். வருஷக்கணக்கில் என்று சொன்னதும் டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை ரொம்ப நாள் எடுத்தா சில பேருக்கு மக்னீசியம் குறையும். ஏற்கனவே உள்ள குறைஞ்சு கிடந்திருக்கும். வெளிய தெரிஞ்சிருக்காது. இத்தனை நாள் பேதி வந்ததும் மொத்தமா காலியாயிருக்கு." அட்டையை என் கையில் கொடுத்தார். "இவர் சொல்றது உண்மையாதான் இருக்கும்மா."

டாக்டர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பெரிய மாமாவைப் பார்த்து, "கேட்டுக்கினியா?" என்றேன். அவர், "கேட்டுக்கினேன்," என்றார்.

மக்னீசியம் ஏற்றினார்கள். பொட்டாசியமும் நிற்காமல் போனது, குடிப்பதற்கும் ஒரு மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "சாராயத்த வுட மோசமா?" என்று கேட்டேன். "அத வுட மோசம்," என்றார். அவர் சிரித்த மாதிரிதான் இருந்தது. பச்சைக் கோட்டில் குதியல் குறைந்துகொண்டே வந்தது. சட்டென்று நிற்கவில்லை. ஒன்று குதித்தால் அடுத்தது எப்போது என்று பார்த்துப் பார்த்தே என் கண் பூத்துப்போனது.

மறுநாள் டாக்டர் வந்தபோது ரத்தத்தில் ரெண்டும் மேலே வந்திருந்தது. இன்னும் சில நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்கிக் கரைத்துக் குடிக்கணும், இளநீரும் வாழைப்பழமும் பருப்புச் சாறும் தள்ளக்கூடாது, அந்தக் கேப்சூலைக் கேட்காமல் போடக்கூடாது என்றார். பெரிய மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கும்பலுக்குச் சொல்ல வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது தம்பியின் காலைத் தொட்டு அழுத்திவிட்டுப் போனார். சந்தேகப்பட்டதற்கு அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்தோம். விரலை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் சொன்னபடி கேட்டது. எனக்கு நிம்மதி வந்ததும் கோபம் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

"நெஞ்சு அப்படி அடிக்கிறது எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்துதான்."

"பொய் சொல்லாத மாமா. அன்னைக்கு வெறும் உடம்புல பீடி தேடுனது யாரு?"

"அதுக்கு முன்னயே ஆரம்பிச்சுடுச்சு," என்றார். "வெட்டும்போது ஒரு உதை உதைக்கும். அப்புறம் நிக்கிற மாதிரி இருக்கும். இங்கயே செத்துடுவேன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன்யா சொல்லல?"

"எப்படிடி சொல்றது. குடிய வுட்டப்ப வந்த மாதிரியே வந்துது. கை நடுங்குது, நெஞ்சு அடிக்குது. சொன்னா நீ இன்னா நெனப்பேன்னு எனக்குத் தெரியாதா? பைய எடுத்துக்கினு போயிடுவ. அதான் வாய மூடிக்கினு வெட்டிக்கினு இருந்தேன்."

குடிக்காத மனுஷன், குடித்ததாக நான் நினைத்துவிடுவேனோ என்று பயந்து, தாளம் தப்பிய நெஞ்சை வைத்துக்கொண்டு கரும்பு வெட்டியிருக்கிறார். கட்டோடு மண்டி போட்ட இடத்தில் அப்படியே போயிருந்தால், குடித்துச் செத்தான் மலைக்காரன் என்று ஊர் எழுதி முடித்திருக்கும். பக்கத்தில் நின்று அழுதுகொண்டே நானும் அதை நம்பியிருப்பேன்.

அவர் தலையணையை இழுத்துச் சரி பண்ணுகிற சாக்கில் முகத்துக்குக் கிட்டே குனிந்தேன். யாருக்கும் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஆமாய்யா, அப்படித்தான் நெனச்சிருப்பேன். கண்டபடி திட்டியிருப்பேன். ஆனா திட்டிக்கினே ஆஸ்பத்திரிக்கு இட்டாந்திருப்பேன். நீ குடிச்சிருந்தாலும் இட்டாந்திருப்பேன்யா. இதுகூடத் தெரியாமயா இத்தன வருஷம் என்கூடக் குடும்பம் நடத்துன?"

அவர் என்னைப் பார்த்தார். தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.